ஆப் செய்வதற்கு முன் பன்னிரண்டு வீட்டுக்கு மீன் கொடுத்துப் பாருங்கள்

கேள்வி: "எனக்குக் கடலூர் முதுநகர். துறைமுகத்தில் காலையில் இறங்கும் மீனைச் சுத்தம் செய்து, வெட்டி, பாண்டிச்சேரி வீடுகளுக்கு அன்றே பத்து மணிக்குள் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு ஆப் தொடங்கலாம் என்று இருக்கிறேன். ஆப்புக்கு நாலரை லட்சம் கேட்கிறார்கள். குளிர்சாதன வண்டிக்குக் கடன் போட்டால் எல்லாம் சேர்த்து 11 லட்சம் ஆகும். கேட்டவர்கள் எல்லோரும் நல்ல ஐடியா என்கிறார்கள். ஒரு நண்பர் மட்டும் முதலில் சின்னதாகச் சோதித்துப் பார் என்கிறார். ஆப்பே இல்லாமல் எதைச் சோதிப்பது, எப்படிச் சோதிப்பது?"

ஆப்புக்கு இப்போது முன்பணம் எதுவும் கொடுக்காதீர்கள், வண்டிக் கடனுக்கும் கையெழுத்துப் போடாதீர்கள். ஆப் வேலை செய்யுமா என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. காசு கொடுத்தால் செய்து தர ஆள் இருக்கிறார்கள். உங்கள் திட்டத்தில் தெரியாத விஷயம் வேறு. பாண்டிச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கும் ஒரு குடும்பம், செவுளைத் தூக்கிப் பார்க்காமல், விரலால் அழுத்திப் பார்க்காமல், யாரோ ஒருவர் வெட்டி அனுப்புகிற மீனைக் காசு கொடுத்து வாங்குமா? வாங்கினால், நீங்கள் கூப்பிடாமலே அடுத்த வாரமும் கேட்குமா? இதற்குப் பதில் "இல்லை" என்றால் 11 லட்சமும் போய்விடும். "ஆமாம்" என்றால் ஆப் எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். அதனால் சோதிக்க வேண்டியது இந்த ஒன்றைத்தான், இதற்கு ஆப் தேவையில்லை.

லீன் ஸ்டார்ட்அப் என்று எரிக் ரீஸ் பரப்பிய முறையின் மையமும் இதுதான். ஒரு தொழில் நிற்பதற்கு எதெல்லாம் உண்மையாக இருக்க வேண்டும் என்று எழுதிப் பார்க்க வேண்டும். அதில் எது பொய்யானால் மொத்தமும் சாயுமோ, எதைப் பற்றி நமக்கு மிகக் குறைவாகத் தெரியுமோ, அதை முதலில் சோதிக்க வேண்டும். அந்தச் சோதனைக்குப் போதுமான அளவு மட்டும் செய்கிற முதல் வடிவத்தைத்தான் எம்.வி.பி. என்கிறார்கள். பலர் இதை "அரைகுறையான ஆப்" என்று புரிந்துகொண்டு, நாலரை லட்சத்துக்குப் பதில் ஒன்றரை லட்சத்தில் ஒரு சின்ன ஆப் செய்துவிடுகிறார்கள். அதிலும் தெரிந்துகொள்ள வேண்டியது தெரியாமலேதான் இருக்கும்.

உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமான பழைய உதாரணம் ஒன்று உண்டு. 1999-இல் அமெரிக்காவில் நிக் ஸ்வின்மர்ன் என்பவர் இணையத்தில் செருப்பு, ஷூ விற்க நினைத்தார். போட்டுப் பார்க்காமல் யாராவது ஷூ வாங்குவார்களா என்று எல்லோரும் கேட்டார்கள். அவர் கிடங்கு எடுக்கவில்லை, சரக்கு வாங்கவில்லை. பக்கத்துக் கடைகளில் இருந்த ஷூக்களைப் படம் எடுத்து ஒரு எளிய இணையதளத்தில் போட்டார். ஆர்டர் வந்தால் அந்தக் கடைக்குப் போய் முழு விலை கொடுத்து வாங்கி அனுப்பினார். எந்த ஜோடியிலும் லாபம் இல்லை. ஆனால் போட்டுப் பார்க்காமலும் மக்கள் வாங்குவார்கள் என்பது தெரிந்துவிட்டது. ஜாப்போஸ் என்று வளர்ந்த அந்த நிறுவனத்தை 2009-இல் அமேசான் வாங்கியது. நீங்களும் இதையே மீனில் செய்யப் போகிறீர்கள்.

அதற்கு முன், "நல்ல ஐடியா" என்று சொன்னவர்களிடம் திரும்பப் போங்கள். இந்த முறை உங்கள் யோசனையைப் பற்றி வாயே திறக்காதீர்கள். "போன ஞாயிறு வீட்டில் மீனா? எங்கே வாங்கினீங்க? எவ்வளவு ஆச்சு? யார் சுத்தம் பண்ணினாங்க?" என்று மட்டும் கேளுங்கள். யோசனையைச் சொன்னால் முகத்துக்காக நல்லதாகச் சொல்வார்கள். நடந்ததைக் கேட்டால் நடந்தது வரும். "பெரிய மார்க்கெட்டுக்கு இவர் போய்ட்டு வந்தார்" என்று ஒருவர் சொல்வார். "தெருவுல ஒரு அக்கா கொண்டு வருவாங்க, பத்து வருஷமா அவங்ககிட்டதான். காசு இல்லைன்னா அடுத்த வாரம் கொடுப்பேன்" என்று இன்னொருவர் சொல்வார்.

இந்த இரண்டாவது பதிலைக் கவனமாகக் கேளுங்கள். உங்களுக்குப் போட்டி இன்னொரு மீன் ஆப் இல்லை, அந்த அக்காதான். அவர் வாசலுக்கே வருகிறார், கண் முன்னால் வெட்டித் தருகிறார், கடன் கொடுக்கிறார், மீன் சரியில்லை என்றால் அடுத்த நாள் அவரிடமே சண்டை போடலாம். எந்தத் தெருவில் அவர் வருவதில்லையோ, எந்த அடுக்குமாடியில் காவலாளி அவரை உள்ளே விடுவதில்லையோ, எந்த வீட்டில் இருவரும் வேலைக்குப் போய்விடுகிறார்களோ, அங்கேதான் உங்களுக்கு இடம் இருக்கிறது. பாண்டிச்சேரி முழுவதும் உங்கள் சந்தை என்று நினைத்தால் முதல் கணக்கே தப்பாகிவிடும். இப்படிப் பேசி நாற்பது வீடு கொண்ட ஒரே ஒரு இடத்தைத் தேர்ந்தெடுங்கள். லாஸ்பேட்டையில் ஒரு அடுக்குமாடியும் அதை ஒட்டிய இரண்டு தெருவும் போதும்.

இப்போது சோதனைக்கு வருவோம். வியாழக்கிழமை அந்த நாற்பது வீட்டுக்கும் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி: ஞாயிறு காலை ஒன்பதரை மணிக்குள் வீட்டுக்கு மீன் வரும், சங்கரா, நெத்திலி, இறால் மட்டும், விலை இவ்வளவு, சனி இரவு எட்டு மணிக்குள் சொல்ல வேண்டும், 100 ரூபாய் முன்பணம். முன்பணம் முக்கியம். "எனக்கு ஒரு கிலோ" என்று எழுத ஒன்றும் செலவில்லை, நூறு ரூபாய் அனுப்புகிறவர்தான் உண்மையில் வாங்குகிறவர். பன்னிரண்டு வீட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஏன் பன்னிரண்டு என்றால், முதுநகரிலிருந்து காலை ஆறே முக்காலுக்குக் கிளம்பினால் லாஸ்பேட்டை போய்ச் சேர சுமார் ஒரு மணி நேரம். வீட்டுக்கு எட்டு நிமிடம் என்று வைத்தால் பன்னிரண்டு வீட்டுக்கு 96 நிமிடம். ஒன்பது இருபதுக்கு முடியும். அதற்கு மேல் எடுத்தால் கடைசி வீட்டுக்குச் சொன்ன நேரத்தில் போக முடியாது.

இந்த அளவுக்கு ஏலத்தில் நிற்க வேண்டாம். துறைமுகத்தில் சில்லறையாக விற்கும் பெண்களிடம் அவர்கள் சொல்கிற விலைக்கே வாங்குங்கள். அங்கேயே மீன் வெட்டித் தருகிறவர்களுக்குக் கூலி கொடுத்து வெட்டுங்கள். உங்களுக்குத் தேவை இரண்டு நல்ல தெர்மோகோல் பெட்டி, ஐஸ், முத்திரை போட்ட தராசு, உணவு வைக்கத்தக்க கவர், உங்கள் ஸ்கூட்டர், ஒரு நோட்டு. மீன் வாங்கும் காசைத் தள்ளிவிட்டால், நாலு ஞாயிற்றுக்கும் சேர்த்து பத்தாயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிடும்.

ஒரு எச்சரிக்கை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆர்டர் எடுக்கும் விதம் கரடுமுரடாக இருக்கலாம். பெயர், லோகோ, வண்டி எதுவும் இல்லாமல் இருக்கலாம். மீன் மட்டும் அப்படி இருக்கக் கூடாது. கெட்ட மீனைக் கொடுத்துவிட்டு "ஜனங்களுக்கு இது வேண்டாம் போல" என்று முடிவெடுத்தால், நீங்கள் சோதித்தது கெட்ட மீனைத்தான். நம் ஊர் வெயிலுக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ், அடுக்கடுக்காக. வெட்டிய மீன் ஐஸ் கரைந்த தண்ணீரில் ஊறாதபடி கவரில் இருக்க வேண்டும். சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்றவை சூட்டில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் உண்டாகிவிடும். சமைத்தாலும் அது போகாது, சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து உடம்பெல்லாம் தடிக்கும். முதல் மாதம் அந்த மூன்றையும் தொடவே வேண்டாம். நெத்திலிக்கும் இதே ஆபத்து உண்டு, அதனால் அதை வாங்கிய உடனே ஐஸில் போடுங்கள், வழியில் சூடாக விடாதீர்கள். சின்ன அளவில் விற்றாலும் உணவுப் பாதுகாப்புப் பதிவு (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.) தேவை. அதை முதல் ஞாயிற்றுக்கு முன்பே ஆன்லைனில் போட்டு முடித்துவிடுங்கள்.

முதல் ஞாயிறே ஒரு பிரச்சினை வரும், அதையும் சொல்கிறேன். ஒரு கிலோ சங்கரா கேட்ட வீட்டில் கவரைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னங்க, ஒரு கிலோ மாதிரியே இல்லையே" என்பார்கள். தலை, செதில், குடல் எடுத்தால் சங்கரா கிலோவுக்கு 600, 650 கிராம்தான் தேறும். வாசலில் வெட்டும்போது அது கண் முன்னால் நடக்கிறது, யாருக்கும் சந்தேகம் வராது. நீங்கள் வெட்டிக் கொண்டுவரும்போது 350 கிராம் காணாமல் போனதாகத்தான் தெரியும். வெட்டுவதற்கு முன் தராசில் வைத்த படத்தை ஒவ்வொரு வீட்டுக்கும் அனுப்புவதா, வெட்டிய எடைக்கே விலை சொல்வதா, தலையைத் தனிக் கவரில் கொடுப்பதா? இரண்டாவது வாரம் ஒரு வழி, மூன்றாவது வாரம் இன்னொரு வழி என்று மாற்றிப் பார்க்கலாம். இந்த ஒரு விஷயம் ஆப் செய்து முடித்த பிறகு தெரிய வந்திருந்தால், விலை காட்டும் பக்கம் முழுவதையும் மாற்றி எழுத மறுபடி காசு கேட்டிருப்பார்கள். நோட்டில் ஒரு வரியை அடித்து எழுத ஒன்றும் ஆகாது.

அடுத்தது பணம். ஒரு கிலோ சங்கரா சில்லறையில் 320 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வெட்டுக்கூலி 40, ஐஸும் கவரும் 15. போய் வர 65 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் சுமார் 150 ரூபாய், பன்னிரண்டால் வகுத்தால் வீட்டுக்கு 13. இப்போது நீங்களே ஓட்டுகிறீர்கள், ஆனால் உங்களுக்கும் கூலி போட வேண்டும். ஒரு காலைக்கு 500 ரூபாய் என்றால் வீட்டுக்கு 42. மொத்தம் 430. நீங்கள் 450-க்கு விற்றால் மிச்சம் 20 ரூபாய். ஒரு வீடு "மீன் நாறுது" என்று திருப்பிக் கொடுத்து 450 ரூபாயும் வாங்கிக்கொண்டால், பன்னிரண்டு வீட்டில் கிடைத்த 240 ரூபாய் போய், இன்னும் 210 கையை விட்டுப் போகும். ஆனால் ஒரு வீடு ஒன்றரைக் கிலோ வாங்கினால் கணக்கு மாறுகிறது. மீன் 480, வெட்டு 60, ஐஸும் கவரும் 20, பெட்ரோலும் கூலியும் அதே 55. மொத்தம் 615. விற்பது 675. மிச்சம் 60. அரைக் கிலோ அதிகம் வாங்கியதற்கு லாபம் மூன்று மடங்கு ஆகிறது. ஆகவே எத்தனை வீடு என்பதைவிட, ஒரு வீடு ஒரு தடவைக்கு எவ்வளவு வாங்குகிறது என்பதை நோட்டில் பெரிதாக எழுதுங்கள்.

"ஏலத்தில் எடுத்தால் இன்னும் லாபமாச்சே" என்பீர்கள். இருக்கலாம். அதையும் காசு செலவழிக்காமலே பார்க்கலாம். சோதனை நடக்கும் அதே காலையில் ஏலத்தில் போய் நின்று, உங்கள் மீன் கூடை என்ன விலைக்குப் போகிறது, அதில் எத்தனை கிலோ என்று எழுதிக்கொள்ளுங்கள். வாங்க வேண்டாம். கிலோ 250-க்கு வருகிறது என்றால் 70 ரூபாய் கூடுதலாகத் தெரியும். ஆனால் கூடையாகத்தான் எடுக்க வேண்டும். கூடையில் 25 கிலோ இருந்து, உங்களுக்கு அன்று சங்கரா ஆர்டர் 9 கிலோதான் என்றால், மீதி 16 கிலோவை அதே காலையில் என்ன விலைக்குத் தள்ளுவீர்கள்? அந்த நஷ்டத்தையும் 9 கிலோவின் மேல் ஏற்றிப் பாருங்கள். ஒரே மீனுக்கு ஒரு கூடை அளவு ஆர்டர் வழக்கமாக வரும் வரை, சில்லறையில் வாங்குவதே மலிவாக இருக்கும்.

சோதனை ஜெயித்ததா தோற்றதா என்பதற்கான எல்லைக்கோட்டை முதல் ஞாயிற்றுக்கு முன்பே எழுதி, நண்பரிடம் கொடுத்து வையுங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படி எழுதுவேன். முதல் வாரம் வாங்கிய பன்னிரண்டு வீட்டில், அடுத்த மூன்று ஞாயிற்றுக்குள் குறைந்தது இரண்டு தடவை தாங்களாகவே திரும்ப வாங்கியவை ஏழு அல்லது அதற்கு மேல் என்றால் அடுத்த கட்டம். மூன்று அல்லது அதற்குக் கீழே என்றால் இந்த வடிவத்தை நிறுத்துவேன். நடுவில் இருந்தால், வராத வீடுகளுக்குப் போய்க் கேட்டு, ஒன்றை மட்டும் மாற்றி இன்னும் நாலு வாரம். முன்கூட்டியே எழுதாவிட்டால் என்ன ஆகும் என்றால், நாலு வீடு திரும்பி வந்ததும் "ஆரம்பம்தானே, பரவாயில்லை" என்று தோன்றும். ஆசைப்பட்ட ஒன்றைப் பற்றி எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றும். பன்னிரண்டு வீடு மிகச் சின்ன எண்ணிக்கைதான். நூற்றுக்கு எத்தனை பேர் என்று துல்லியமாக அதில் அளக்க முடியாது. நிறையப் பேர் திரும்பி வந்தார்களா, மிகச் சிலர்தான் வந்தார்களா என்பது மட்டும் தெரியும். 11 லட்சத்தைப் போடலாமா என்று முடிவு செய்ய முதலில் அதுதான் வேண்டும்.

சில எண்கள் உங்களை ஏமாற்றும். அந்தப் பன்னிரண்டில் சொந்தக்காரர், கூடப் படித்தவர் இருந்தால் அவர்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவர்கள் உங்களுக்காக வாங்குவார்கள். முதல் வாரம் தள்ளுபடி கொடுத்தால் தள்ளுபடிக்கு வந்தவர் யார், மீனுக்கு வந்தவர் யார் என்று பிரிக்க முடியாது. அதனால் முதல் நாளிலிருந்தே முழு விலை. இதைவிடப் பெரிய ஏமாற்று மாதங்களில் இருக்கிறது. புரட்டாசியில் சோதித்தால் பாதி வீடு அசைவமே சமைக்காது, நல்ல யோசனையும் தோற்றதாகத் தெரியும். கார்த்திகை, மார்கழியில் ஐயப்பனுக்கு மாலை போட்ட வீடுகள் இருக்கும், கடலில் புயல் எச்சரிக்கை வந்தால் படகு போகாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது வரத்து குறைந்து விலை ஏறிக் கிடக்கும். சாதாரண மாதம் ஒன்றில் நாலு வாரம் பாருங்கள், பிறகு தடைக்காலத்தில் அதே வீடுகளுக்கு ஒரு வாரம் கொடுத்து, விலை ஏறினாலும் வாங்குகிறார்களா என்று பாருங்கள். வண்டிக்குக் கடன் போட்டால் மாதத் தவணை தடைக்காலத்திலும் வரும். 61 நாள் மீன் வரத்து குறைந்து கிடக்கும் தொழிலில் பன்னிரண்டு மாதமும் வரும் தவணையை ஏற்றிக்கொள்வதற்கு முன், அந்த 61 நாளைக்கு என்ன வருமானம் என்ற பதில் உங்கள் நோட்டில் இருந்தாக வேண்டும்.

நீங்கள் எதிர்பார்க்காத பதிலும் வரலாம். சங்கரா யாரும் திரும்பக் கேட்கவில்லை, ஆனால் எட்டு வீடு "நெத்திலி சுத்தம் பண்ணிக் கொடுப்பீங்களா, இறால் உரிச்சு தருவீங்களா" என்று மட்டும் கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் அவர்கள் காசு கொடுப்பது கடலூர் மீனுக்கு இல்லை, ஒரு மணி நேரம் உட்கார்ந்து நெத்திலி ஆயும் வேலையிலிருந்து கிடைக்கும் விடுதலைக்கு. அப்போது முதுநகரிலிருந்து ஒரு மணி நேரம் ஓட்ட வேண்டிய தேவையே இல்லாமல் போகலாம். பாண்டிச்சேரியிலேயே வாங்கி, இரண்டு பெண்களை வைத்துச் சுத்தம் செய்து, பக்கத்துத் தெருக்களுக்குக் கொடுப்பது வேறு தொழில், வேறு செலவு. இப்படி வாடிக்கையாளர் காட்டும் பக்கம் திரும்புவதை லீன் முறையில் பிவட் என்கிறார்கள். பெட்டியும் தராசும் மட்டும் வைத்திருப்பவர் மறு வாரமே திரும்பிவிடலாம். வண்டி வாங்கியவர் அந்த வண்டியை எப்படியாவது பயன்படுத்தத்தான் வழி தேடுவார்.

அந்த எல்லைக்கோட்டைத் தாண்டினால் அடுத்த கட்டமும் ஆப் இல்லை. இரண்டாவது இடம், அதில் உங்களுக்குப் பதில் வேறொரு ஆள். இது அவசியமான சோதனை, ஏனென்றால் முதல் பன்னிரண்டு வீடும் ஒருவேளை உங்களை நம்பித்தான் வாங்கியிருக்கும். கூலிக்கு ஒரு பையன் அதே பெட்டியோடு ரெட்டியார்பாளையம் போய் அதே கணக்கு வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் விற்றது உங்கள் முகம். அப்புறம் வாட்ஸ்அப் பிசினஸில் மீன் படமும் விலையும் போட்டு வையுங்கள், அது இலவசம். ஆர்டர் கூடும்போது ஒரு மூடிய வண்டியை நாள் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள், வாங்க வேண்டாம்.

ஆப் எப்போது வேண்டும் என்பதை நோட்டே காட்டும். சனி இரவு செய்திகளில் ஆர்டர் தவறிப்போவது, இறால் கேட்டவருக்கு நெத்திலி போவது, யார் முன்பணம் கட்டினார் என்று தேடவே ஒரு மணி நேரம் ஆவது, இவை வாரா வாரம் நடக்க ஆரம்பித்தால் அப்போது கேளுங்கள். ஆப் செய்து தருகிறவர்களிடம் இன்றைக்கு நீங்கள் சொல்லக்கூடியது "மீன் ஆப்" என்ற இரண்டு சொல்தான். அன்றைக்கு எடை எப்படிக் காட்ட வேண்டும், முன்பணம் எவ்வளவு, ஒரு தெருவுக்கு எத்தனை ஆர்டர், எத்தனை மணிக்கு மூட வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுப்பீர்கள். அதற்கு அவர்கள் சொல்லும் விலையை இன்றைய நாலரை லட்சத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுங்கள்.